மீட்டரில் 31,000, சர்வீஸ் பதிவில் 84,000: பழைய கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் பழைய கார் தேடுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுடைய 25,000 ரூபாய் இன்னும் ஒரு கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அல்சூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காகக் கார் பார்த்தோம். அண்ணனுக்குப் பிடித்தது 2018 மாடல் ஆட்டோமேட்டிக். மீட்டரில் 31,000 கிலோமீட்டர்தான். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் கோயிலுக்கு மட்டும் எடுத்த வண்டி என்று கடைக்காரர் நல்ல தமிழில் சொன்னார். நான் சொன்னது வேறொரு வண்டி. அது 72,000 ஓடியது, கியர் வண்டி, ஆனால் முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் இருந்தது.

"அப்பாவோட இடது முட்டிய யோசிச்சியா? சிக்னலுக்கு சிக்னல் கிளட்ச் மிதிப்பாரா?" என்றான் அண்ணன்.

"அது சரிண்ணா. ஆனா இந்த வண்டிக்கு ஒரு பில்லுகூட இல்லையே?"

"பில்லு ஓட்டுமாடா?"

அப்பாவின் முட்டி விஷயத்தில் அவன் சொன்னது நியாயம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டான்.

மறுநாள் வண்டியைத் திரும்பப் பார்க்கப் போனபோது டயரின் பக்கவாட்டைப் படித்தேன். அங்கே DOT என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம், டயர் தயாரான வாரமும் வருடமும். நான்கு டயரிலும் 2321, அதாவது 2021-ன் 23-வது வாரம். டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியில் மட்டும் 2018. பொதுவாக ஒரு செட் டயர் 40,000 கிலோமீட்டராவது தாங்கும். இத்தனை வருடத்தில் மொத்தமே 31,000 ஓடிய வண்டிக்கு 2021-லேயே நான்கையும் ஏன் மாற்றினார்கள்? ஒன்று வெடித்து மாற்றியிருந்தால் புரியும், நான்கும் என்றால் இடிக்கிறது.

அண்ணனே வண்டி எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனான். 2022-ல் நடந்த கடைசி சர்வீஸில் 84,600 என்று பதிவாகியிருந்தது. டிஜிட்டல் மீட்டரை ஒரு கருவியைச் செருகிக் குறைத்துவிட முடிகிறது, ஆனால் சர்வீஸ் பதிவில் கடைக்காரரால் கை வைக்க முடியாது. இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்ச்தான், அதை மிதிக்கும் வேலையை மட்டும் இயந்திரம் செய்கிறது. அத்தனை தூரம் ஓடியிருந்தால் அடுத்து கிளட்ச் செலவு நம் தலையில்தான் விழும்.

கடைக்காரர், "நாங்க வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்று கைவிரித்தார். ரசீதில் 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருந்தது, கிலோமீட்டர் எங்கேயும் இல்லை. நீங்கள் கொடுப்பதானால் மீட்டர் அளவையும், சர்வீஸ் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் பணம் திரும்ப வரும் என்பதையும் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியே சர்வீஸ் செய்த வண்டிக்குக் கம்பெனிப் பதிவு இருக்காது, அங்கே டயரையும் பெடல் ரப்பர் தேய்மானத்தையும்தான் பார்க்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறோம். அண்ணன் இப்போதும் ஆட்டோமேட்டிக்தான் தேடுகிறான், பில்லோடு.