ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: சந்தை வரி எதைக் கட்டுப்படுத்துகிறது, எதை விட்டுவிடுகிறது

பல வருஷமாக இந்த கேமில் சண்டையை விட வாங்கி விற்பதில்தான் அதிக நேரம் போட்டிருக்கிறேன். கேமின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் 2021 டிசம்பரில் 1% வரி வந்தபோது வியாபாரம் செய்கிறவர்கள் எல்லாரும் புலம்பினோம், 2025-ல் அது 2% ஆனதும் மறுபடி. பத்து லட்சத்துக்கு வாங்கிய பொருளை 10,20,000-க்கு விற்றால் வரியாக 20,400 போய்விடுகிறது, கையில் 400 நஷ்டம். கடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் கேமில் பெருகிக்கொண்டே போகும் காசைக் குறைக்க வரி தேவைதான்.

ஏனென்றால் நாம் ஒருவருக்கொருவர் விற்கும்போது புதுக் காசு பிறப்பதில்லை, கை மட்டும்தான் மாறுகிறது. காசு பிறக்கிற பெரிய இடம் ஹை ஆல்கெமி. ஒரு ரூன் பிளேட்பாடி மீது அந்த மந்திரத்தைப் போட்டால் கவசம் அழிந்து 39,000 காசு புதிதாக உருவாகும். சந்தை விலை அதற்கு ரொம்பக் கீழே இறங்கினால் உடனே யாராவது வாங்கி உருக்கிவிடுவார்கள், அதனால் விலை அங்கேயே நிற்கும். அதாவது ஒரு மான்ஸ்டர் ரூன் கவசத்தைத் தருகிறது என்றால் அது தருவது பொருள் அல்ல, மாறுவேஷத்தில் இருக்கும் காசு. புது பாஸ் மான்ஸ்டர் சேர்க்கும்போது நேரடியாக விழும் காசை மட்டும் எண்ணிவிட்டு இதை எண்ணாமல் விட்டால் கணக்கு அங்கேயே உதைக்கும். ஒரே ஒரு பிளேட்பாடி உருக்கியதை ஈடுகட்ட, 1% வரியில் 39 லட்சத்துக்கு வியாபாரம் நடக்க வேண்டும், 2%-ல் 19.5 லட்சத்துக்கு.

சரி, காசை அழிக்கும் பழைய வடிகால்கள் போதாதா? மரப்பட்டறையில் ஒரு மஹோகனி பலகை அறுக்க 1,500 காசு, அது அப்படியே அழிகிறது. ஆனால் அது நிலையான தொகை. எல்லார் கையிலும் காசு இரட்டிப்பானாலும் கட்டணம் 1,500-தான், அதனால் உறிஞ்சும் சக்தி பாதியாகிவிடும். சதவீத வரிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, விலை ஏறினால் அதுவும் கூடவே ஏறும்.

எனக்கு உறுத்துவது உச்சவரம்புதான். ஒரு பொருளுக்கான வரி 50 லட்சத்தைத் தாண்டாது, ஆக 25 கோடியைத் தாண்டியதுமே உண்மையான விகிதம் 2%-க்குக் கீழே போய்விடுகிறது. 100 கோடிக்கு ஒரு வில்லை விற்கிறவர் கட்டுவது அரை சதவீதம். சின்ன வியாபாரி முழுசாகக் கட்டுகிறான். காசு குவிந்து கிடப்பதோ மேலே.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. வரிப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து கேமே சந்தையில் சில பொருட்களை வாங்கி அழிக்கிறது. அந்தப் பகுதி அந்தப் பொருட்களை விற்றவர் கைக்கே திரும்பிவிடுகிறது, காசு குறையவில்லை, குறைவது பொருள்தான். தேங்கிய ஆயுதங்களின் விலை விழாமல் இருக்க அது நல்ல வழி. ஆனால் விலைவாசியை அடக்கும் கணக்கில் அந்தப் பங்கைச் சேர்க்கக் கூடாது, பொருள் குறைந்தால் விலை மேலேதான் போகும்.