‘தினமும் ஃப்ரெஷ்’ என்று எழுதுவதா, கிழமை சொல்லி எழுதுவதா?

வீடுகளுக்கு நேரே விற்கும் உழவர் குழுக்கள் சமூக ஊடகத்தில் போடும் காய்கறிப் படத்தின் கீழ் எழுதுவது பெரும்பாலும் ஒரே வரி: “தோட்டத்திலிருந்து நேரடியாக, தினமும் ஃப்ரெஷ்.” அதற்கு மாற்று இப்படி இருக்கும்:

“செவ்வாய் 14, வெள்ளி 17: காலை 7 முதல் 10 மணிக்குள் டெலிவரி. ஆர்டர் முந்தின நாள் பகல் 12 மணி வரை. கீரையும் வெண்டையும் முந்தின நாள் மாலையில் பறித்தவை. தக்காளி இரண்டு நாள் முன்பு செங்காயாகப் பறித்தது. வெங்காயம் போன மாத அறுவடை, உலர்த்தி வைத்தது. கேரட் மட்டும் உறுப்பினர் அல்லாதவரிடம் வாங்கியது.”

முதல் வரி எழுதச் சுலபம், எந்தப் படத்துக்கும் பொருந்தும். அதன் சிக்கலும் அதுவே. அது உண்மையாக இருப்பது கீரைக்கும் வெண்டைக்கும்தான். இன்று பிடுங்கிய வெங்காயத்தின் கழுத்து ஈரமாக இருக்கும். கழுத்து சுருங்கி, மேல்தோல் சரசரக்கும் வரை உலர்த்தாவிட்டால் உள்ளிருந்து அழுகும். நன்றாகப் பழுத்த தக்காளி பெட்டியில் அடுக்கும்போதே நசுங்கிவிடும். ‘போன மாத அறுவடை’ என்று எழுதத் தயங்க வேண்டாம். வெங்காயத்துக்கு அதுதான் தரம்.

தினமும் டெலிவரி என்றால் எவ்வளவு வேண்டும் என்று தெரியாமலே பறிக்க வேண்டும். மிச்சம் மறுநாள் பையில் போய்விடும். கிழமை வைத்தால் கணக்கு முன்னாலேயே வந்துவிடும். 40 வீடுகள் அரைக் கிலோ வெண்டை கேட்டால் 20 கிலோ. தரம் பிரிக்கையில் பத்தில் ஒரு பங்கு கழியும் என்று வைத்து, 23 கிலோ பறிக்கச் சொன்னால் போதும். ஆர்டரைப் பகல் 12 மணிக்கு முடிப்பதும் இதற்காகத்தான்: மாலைப் பறிப்புக்குள் யார் தோட்டத்தில் எத்தனை கிலோ என்று பிரித்துச் சொல்ல அவகாசம் வேண்டும்.

ஆனால் கிழமை முறைக்கும் ஓட்டை உண்டு. வெண்டை நம் நாள்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை. வியாழன் மாலை பறித்த செடியைத் திங்கள் வரை விட்டால் காய் முற்றி நார் ஓடிவிடும். நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று ஒடியாமல் வளையும். ஆகவே இடையில் சனிக்கிழமை ஒரு பறிப்பு கட்டாயம். அதை வியாபாரிக்குக் கொடுக்க வழியில்லாத குழு, வெண்டையைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே மேல்.

வெளியில் வாங்கியதைச் சொன்னால் நம்பிக்கை போகும் என்று பயப்படுபவர்கள் உண்டு. எல்லா வாரமும் எல்லாக் காயும் ஒரே குழுவிடம் இருப்பதைப் பார்த்துத்தான் வாங்குபவருக்குச் சந்தேகம் வருகிறது.

இரண்டாவது வகையை எழுதும்போது கிழமையையும் ஆர்டர் நேரத்தையும் முதல் இரண்டு வரிக்குள் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளது ‘மேலும்’ என்பதைத் தட்டினால்தான் தெரியும். ‘நாளை டெலிவரி’ என்று எழுதாமல் தேதி போடுங்கள். யாரோ மூன்று நாள் கழித்துப் பகிர்ந்தால், ‘நாளை’யை நம்பி ஆர்டர் செய்தவருக்குப் பை வராது.