வெள்ளம் வந்தது உண்மைதான், ஆனால் நஷ்டம் வெள்ளத்தால் இல்லையாம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தூத்துக்குடியில் எங்கள் அச்சகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. காலண்டர் சீசன். ஆர்ட் பேப்பரும் கல்யாண அட்டையும் கூரை வரை அடுக்கியிருந்தோம். இன்சூரன்ஸ் பாலிசி நடப்பில் இருந்தது, வெள்ளமும் அதில் சேர்ந்திருந்தது, பிரீமியம் பாக்கி எதுவும் இல்லை. ஆகவே பணம் வந்துவிடும் என்றுதான் நினைத்தோம். சில மாதம் கழித்து வந்த கடிதத்தில், அடி ரேக்கில் நனைந்த பேப்பருக்கு மட்டும் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆப்செட் மெஷினின் பேனலும் மெயின் மோட்டாரும் ஷார்ட் சர்க்யூட்டால் போனவையாம், வெள்ளத்தால் அல்லவாம். மேல் ரேக்கில் இருந்த பேப்பர் ஈரக்காற்றாலும் பூஞ்சையாலும் கெட்டதாம், அதுவும் வெள்ளத்தால் அல்லவாம்.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எந்தக் கம்பெனியிலும் இது நடக்கலாம். கடை, பட்டறை, குடோன் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளம் வந்தது என்று நிரூபித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒவ்வொரு பொருளையும் கெடுத்தது எது என்று பொருள்வாரியாகப் பிரித்துத்தான் கிளெய்மைப் பார்க்கிறார்கள்.

நஷ்டத்தைப் பார்த்து எழுத எங்களிடம் வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் மரியாதையான மனிதர். "கவலப்படாதீங்க அண்ணாச்சி, எல்லாம் எழுதிக்கிடுதேன்" என்றார். எழுதவும் செய்தார், ஆங்கிலத்தில். எங்கள் மெஷின் மேன் அவரிடம் சொன்னது இது: "மெயினப் போட்டா பேனல் ஷார்ட் ஆயிரும்னுதான் சார் போடாம வச்சிருக்கோம்." தாளில் ஏறியதோ "மின்சாரம் வந்ததும் பேனல் ஷார்ட் ஆனது" என்ற பொருள் தரும் வாக்கியம். மெஷின் மேனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு வரியின் மேல்தான் பெரிய தொகை முழுக்க நிராகரிக்கப்பட்டிருந்தது. சர்வேயர் வேண்டுமென்றே செய்தாரா, அவசரத்தில் எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வரிக்கு ஏன் அத்தனை பலம் என்பதைச் சொல்கிறேன். நஷ்டத்துக்குப் பல காரணங்கள் இருந்தால், இன்சூரன்ஸில் 'ப்ராக்ஸிமேட் காஸ்' எது என்று தேடுவார்கள். எந்தக் காரணம் மற்றதையெல்லாம் முடுக்கிவிட்டுக் கடைசிவரை வேலை செய்ததோ, அதுதான் அது. நேரக் கணக்கில் கடைசியாக வந்தது எது என்ற கேள்வியே இல்லை. வெள்ளம் தொடங்கிவைத்த தொடர், நடுவில் வேறொரு புதிய காரணம் தனியாகப் புகுந்து அறுத்துவிடாதவரை, வெள்ளத்தின் கணக்கில்தான் சேரும்.

இதற்கு எப்போதும் சொல்லப்படும் பழைய வழக்கு இகாரியா என்ற கப்பலுடையது. 1915 ஜனவரியில் ஜெர்மன் டார்பிடோ தாக்கி, ஓட்டையோடு பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே புயல்காற்றில் கரைச்சுவரில் மோதியது. இங்கே மூழ்கினால் துறையே அடைபடும் என்று அதிகாரிகள் வேறிடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். அங்கே அலை வடியும்போதெல்லாம் தரைதட்டி, கடைசியில் உடைந்து மூழ்கியது. கடல் அபாயத்துக்குப் பாலிசி உண்டு, போருக்குக் கிடையாது. புயலும் அலையும்தானே மூழ்கடித்தன என்றார் உரிமையாளர். டார்பிடோவின் பிடியிலிருந்து கப்பல் ஒருநாளும் மீளவில்லை, அதுவே காரணம் என்று 1918இல் அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உரிமையாளருக்குப் பணம் கிடைக்கவில்லை. இந்த விதி எப்போதும் நம் பக்கமே நிற்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் பக்கம் நின்றதும் உண்டு. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜுவாரி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், மெயின் ஸ்விட்ச் போர்டில் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பொறி கிளம்பியது. அதன் புகையும் கரியும் ஜெனரேட்டர் பக்கம் போய் அதுவும் நின்றது. ஆலை முழுக்க மின்சாரம் போனதால் பாய்லருக்குத் தண்ணீர் போவது நின்றது, சூடான வாயு மட்டும் போய்க்கொண்டே இருந்தது, பாய்லர் கெட்டது. பாய்லரைத் தீ தொடவே இல்லை, எனவே தீ பாலிசியில் தரமுடியாது என்றது கம்பெனி. தீ எத்தனை நொடி எரிந்தது என்பது முக்கியமில்லை, அது தொடங்கிவைத்த தொடர் அறுபடாமல் பாய்லர் வரை வந்திருக்கிறது, ஆகவே தீயே காரணம் என்றது நீதிமன்றம்.

அப்படியானால் எங்கள் பேனல் ஷார்ட் ஆகியிருந்தாலும் வெள்ளம்தானே மூலம் என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். இங்கேதான் பாலிசியின் வாசகம் குறுக்கே நிற்கிறது. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் இருக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியிலும் சரி, அதற்கு முந்தைய ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசியிலும் சரி, ஒரு விலக்கு இருக்கிறது. மின் கருவி எதுவானாலும் ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு போன்றவற்றால் கெட்டால், அந்த ஷார்ட் எதனால் வந்திருந்தாலும், அந்தக் கருவிக்குப் பணம் கிடையாது. 'எதனால் வந்திருந்தாலும்' என்ற இந்த இடத்தில் மூல காரணத்தைத் தேடும் வேலையே முடிந்துவிடுகிறது. அந்த ஷார்ட்டிலிருந்து தீ பரவி மற்ற பொருள் எரிந்தால் அதற்கு உண்டு, ஷார்ட் ஆன கருவிக்கு மட்டும் இல்லை.

ஆகவே சட்டம் பேசி வெல்ல வழியில்லை. எங்களுக்கு இருந்த ஒரே வழி, ஷார்ட்டே நடக்கவில்லை என்று காட்டுவது. அது உண்மையும்கூட.

மோட்டாரைத் தனியார் வைண்டிங் பட்டறைக்கு எடுத்துப்போனோம். ஷார்ட் ஆன வைண்டிங்கில் வார்னிஷ் கருகியிருக்கும், வாடை அடிக்கும், செம்புக் கம்பி ஓரிடத்தில் உருகி முத்துப்போல நிற்கும். எங்களுடையதில் அது எதுவும் இல்லை, சேறுதான் இருந்தது. மெக்கர் என்ற அளவுக்கருவியை வைத்துப் பார்த்தபோது இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்கும் கீழே காட்டியது. அடுப்பில் வைத்து உலர்த்தியபின் அளவு ஏறியது. எரிந்த வைண்டிங் என்றால் எத்தனை உலர்த்தினாலும் ஏறாது, நனைந்ததுதான் ஏறும். பேனலின் கார்டுகள் உப்புச் சேற்றில் அரித்துப் பச்சை பூத்துப்போயிருந்தன, அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஃபியூஸ் ஒன்றுகூடப் போகவில்லை. மின்சாரம் பாய்ந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது அதுதான். இவற்றையெல்லாம் பட்டறைக்காரரிடம் லெட்டர்ஹெட்டில், உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் வந்த அளவுகளோடு எழுதி வாங்கினோம். பேனலின் உட்புறம் தண்ணீர் நின்ற கோடு தெரியும் படமும், மெயின் ஸ்விட்ச் இறக்கிக் கிடக்கும் படமும் தேதியோடு போனில் இருந்தன. மெஷின் மேன் தான் சொன்னது இன்னதென்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மேல் ரேக் பேப்பர் கதை வேறு. அதைத் தண்ணீர் தொடவில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே தண்ணீர் நிற்க, ஷட்டர் மூடிக் கிடக்க, அந்தப் புழுக்கத்தில் ரீம்கள் ஓரம் சுருண்டு, கல்யாண அட்டையில் கரும்புள்ளி விழுந்தது. இதைத் தனியாக விலக்கும் வாசகம் எங்கள் பாலிசியில் இல்லை. தட்பவெப்ப மாற்றத்துக்கான விலக்கு குளிர்பதனக் கிடங்குச் சரக்குக்கு மட்டும்தான். ஆகவே இங்கே ஜுவாரி வழக்கின் வாதம் முழுதாகப் பொருந்தும். வெள்ளம், அடைபட்ட கடை, ஈரம், பூஞ்சை என்று ஒரே தொடர். நடுவில் புதிதாக யாரும் எதுவும் வந்து சேரவில்லை.

இதில் கம்பெனி பிடிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்தபின்னும் கடையைத் திறக்காமல் வாரக்கணக்கில் விட்டிருந்தால், பூஞ்சைக்குக் காரணம் நம் அலட்சியம் என்று சொல்லிவிடலாம், அதில் நியாயமும் இருக்கும். அதனால் எங்கள் தெருவில் மாநகராட்சி மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்த நாளின் படங்களையும், ஷட்டரைத் திறந்து பேப்பரைப் பிரித்துப்போட்ட நாளின் படங்களையும் சேர்த்துக் கொடுத்தோம். இரண்டுக்கும் இடையே இடைவெளி இல்லை என்பதுதான் காட்ட வேண்டிய விஷயம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். பழைய பல்லவியே பதிலாக வந்தது. பிறகு இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து முடிவு சொல்லும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போனோம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கடைசி நிராகரிப்பு வந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். விசாரணையில் எங்களிடம் அதிகம் கேட்கவில்லை. கம்பெனித் தரப்பிடம் ஒரே கேள்விதான்: ஷார்ட் ஆனதற்குச் சர்வேயர் கண்ணால் பார்த்த அடையாளம் எது? அறிக்கையில் அந்தக் கையெழுத்துத் தாளைத் தவிர எதுவும் இல்லை. பேனலுக்கும் மோட்டாருக்கும் தேய்மானம் கழித்துத் தரச் சொன்னார்கள். மேல் ரேக் பேப்பருக்குக் கழிவுக்கு விற்ற தொகையைக் கழித்து மீதியைக் கொடுத்தார்கள்.

கம்ப்ரசர் மோட்டாருக்கு மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் உதவியாக அழைத்துவந்த எலெக்ட்ரீஷியன், அது உயரத்தில் இருந்ததால் நனையவில்லை என்று நினைத்துத் தற்காலிக லைன் கொடுத்துப் போட்டுப் பார்த்தார். டப்பென்று புகைந்தது. வைண்டிங் கருகியிருந்தது, விலக்கு அப்படியே பொருந்தியது. அதே அறை, அதே வெள்ளம்தான். சர்வேயர் வந்து பார்க்கும்வரை எந்த மின் கருவியையும் சோதித்துப் பார்க்கக்கூட யாரையும் விடாதீர்கள்.

வாக்குமூலம் என்று எதை நீட்டினாலும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுதிக் கொடுங்கள். சர்வே அறிக்கையின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அந்த 'ஷார்ட் ஆனது' வரி இருப்பதே நகல் கைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. நிராகரிப்புக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். அதில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் விசாரணையிலும் 'பேனல் பழசு, எப்படியும் போயிருக்கும்' என்று ஒரு புதுக் கதையை எடுத்தார்கள். கடிதத்தைக் காட்டியதும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.