7 மி.மீ. நுரையீரல் கட்டி: அடுத்த மாதமே ஸ்கேனா, 6 மாதம் கழித்தா?

குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்கி எடுத்த சி.டி.யில் 7 மி.மீ. திடக்கட்டி ஒன்று தெரிகிறது. அது புற்றுநோயாகி, 5 மாதத்தில் கன அளவு இரட்டிக்கிறது என்றே கொள்வோம். கன அளவு இரட்டித்தாலும் விட்டம் சுமார் கால் பங்குதான் கூடும்.

அடுத்த மாதமே எடுத்தால் விட்டம் சுமார் 7.3 மி.மீ. இருக்கும். ஒரே கட்டியை இருமுறை அளந்தாலே 1 மி.மீ.க்கு மேல் வேறுபடலாம். ஆகவே வளர்ந்ததா என்று சொல்ல முடியாது. கதிர்வீச்சும் மலைப்பாதை அலைச்சலும்தான் மிச்சம்.

6 மாதம் கழித்தால் சுமார் 9.2 மி.மீ. இருக்கும். 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று நம்பலாம். இந்த அளவுக்கு 6 முதல் 12 மாத இடைவெளி வைப்பது அதனால்தான்; எங்கள் தேர்வும் இதுவே. 8 மி.மீ.க்கு மேலென்றால் மட்டும் 3 மாதத்திலேயே பார்ப்பார்கள், அல்லது பெட் ஸ்கேன், பயாப்ஸி.

பழைய சி.டி.யின் குறுந்தகட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அறிக்கைத்தாளில் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றிவிடும். இரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரே அளக்க வேண்டும்.