நிச்சயதார்த்தத்தன்று நீக்கிய ப்ரொஃபைல் கல்யாணத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தது

தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. வைகாசியில் ஒரு நாள் காலையில் அவள் மாமியார் எங்கள் அம்மாவுக்குப் போன் செய்தார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. என் நாத்தனார் அவங்க பையனுக்குப் பொண்ணு தேடுறாங்க. அவங்களுக்கு வந்த மெயில்ல நம்ம மருமக போட்டோ இருக்கு. என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. ஆனாலும் அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்தத் திருமணச் செயலியில் தங்கச்சிக்குக் கணக்கு திறந்தது நான்தான். என் எண், நான் எழுதிய விவரம், நான் ஏற்றிய மூன்று போட்டோ, ஜாதகம். கார்த்திகையில் நிச்சயதார்த்தம் முடிந்த அன்றே செட்டிங்ஸில் போய் `Delete Profile` அழுத்தினேன். காரணம் கேட்டது, "திருமணம் முடிவாகிவிட்டது" என்று தேர்ந்தெடுத்தேன். நீக்கப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தது. செயலியையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும்?

மாமியாரிடமிருந்து அந்த மெயிலின் ஸ்க்ரீன்ஷாட்டை வாங்கிப் பார்த்தேன். "இன்றைய பொருத்தங்கள்" என்ற தலைப்பில் ஐந்து பெண்கள், நடுவில் என் தங்கச்சி. வயது, நட்சத்திரம், ஊர், சம்பளம் எல்லாம் இருந்தன. செயலியை மறுபடி இறக்கி என் எண்ணைப் போட்டேன், ஓடிபி வந்தது. உள்ளே போனால் புதிதாகப் பதிவு செய்யச் சொல்லவில்லை. மீண்டும் வரவேற்கிறோம் என்று சொல்லி பழைய ப்ரொஃபைல் எண்ணையே காட்டியது. போட்டோ, ஜாதகம், யார் யாரோ அனுப்பிய விருப்பங்கள், நான் எழுதிய பதில்கள், அம்மாவின் எண் வரை எதுவும் போகவில்லை.

நான் மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவள். எங்கள் நிறுவனத்தில் கணக்கு நீக்கும் வசதியைச் சோதித்ததும் நான்தான். அதனால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பார்த்தவுடன் புரிந்தது. நீக்கு என்று அழுத்தினால் பல செயலிகள் செய்வது இவ்வளவுதான்:

```sql
UPDATE users SET status = 'inactive' WHERE id = 48213;
```

தரவுத்தள அட்டவணையில் அவளுடைய வரிசை அப்படியே இருக்கும், அதன் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் ஒரு சொல் மட்டும் மாறும். அந்தச் சொல்லைப் பார்த்து ஒளித்து வைப்பது செயலியின் மற்ற பகுதிகளின் பொறுப்பு. ஆனால் ஒரு ப்ரொஃபைல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதன்மைத் தரவுத்தளத்தில் ஒன்று, வேகமாகத் தேடுவதற்காக எடுத்து வைத்த நகல் ஒன்று, போட்டோக்கள் தனியாக ஒரு சேமிப்பில், மெயில் அனுப்பும் வெளி நிறுவனத்திடம் ஒரு பட்டியல், இவை போக பேக்கப். முதல் இடத்தில் 'inactive' என்று மாற்றிவிட்டுத் தேடல் நகலைத் தொடாமல் விட்டால், மெயில் அந்த நகலிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். "மேடம், அந்த ஆப்ஷன்ல ப்ரொஃபைல் ஹைட் தான் ஆகும். நிரந்தரமா எடுக்கணும்னா பொண்ணோட ஆதார் காப்பியும் கல்யாணப் பத்திரிகையும் மெயில் பண்ணுங்க" என்றார் பேசிய தம்பி. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, கொடுத்த எழுத்தைத்தான் வாசிக்கிறார். ஆனால் இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், தயவுசெய்து அனுப்பாதீர்கள். கணக்கு திறக்கும்போது ஓடிபி போதும் என்றவர்களுக்கு மூடும்போதும் ஓடிபி போதும். அழிக்கச் சொல்லிப் போய், அவர்களிடம் இதுவரை இல்லாத ஆதாரையும் கொடுத்துவிட்டு வருவது எவ்வளவு பெரிய தவறு!

இரண்டு ஆப் ஸ்டோர்களும் இதில் என்ன எதிர்பார்க்கின்றன என்று தெரிந்திருந்தால் வாதாட முடியும். ஆப்பிளின் விதி 5.1.1(v), கணக்கு திறக்க வசதி தரும் செயலி, கணக்கை நீக்கும் வசதியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்கிறது. 2022 ஜூன் 30 முதல் இது கட்டாயம். தற்காலிகமாக முடக்குவது மட்டும் போதாது, கணக்கின் பதிவும் அதோடு சேர்ந்த சொந்தத் தரவும் போக வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வங்கி, மருத்துவம் போலக் கடும் கட்டுப்பாடு உள்ள துறைகளைத் தவிர மற்றவர்கள், நீக்குவதற்காகப் போன் பண்ணு, மெயில் போடு என்று அலைக்கழிக்கக் கூடாது. கூகுள் ப்ளே 2023 ஏப்ரலில் இதே மாதிரி விதியை அறிவித்தது. செயலிக்குள் ஒரு வழி, அது போக வெளியே இணையத்தில் ஒரு இணைப்பு, இரண்டும் வேண்டும். என்னைப் போலச் செயலியை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் மறுபடி இறக்காமலே நீக்கக் கேட்பதற்காகத்தான் அந்த இணைப்பு. ப்ளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் `Data safety` என்ற பகுதிக்குள் போய்ப் பாருங்கள். கூகுளும் முடக்குவது, உறைய வைப்பது எல்லாம் நீக்கமாகாது என்கிறது.

ஆனால் ஸ்டோர்காரர்கள் செயலியைப் பரிசீலிக்கும்போது பொத்தான் இருக்கிறதா, அழுத்தினால் வேலை செய்வதுபோல் காட்டுகிறதா என்றுதான் பார்க்க முடியும். நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குள் போய் யாரும் பார்ப்பதில்லை. அதனால் விதி இருந்தும் இப்படி நடக்கிறது.

நான் அனுப்பிய மெயிலில் மூன்றே விஷயம் எழுதினேன். நீக்கியதாக உங்கள் செயலி சொன்ன தேதி, அதே கணக்கு இப்போது திறக்கிறது என்பதற்கான ஸ்க்ரீன்ஷாட், எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்ற பட்டியல். ப்ரொஃபைல், போட்டோ, ஜாதகம், உரையாடல், தொலைபேசி எண்கள், தேடல் நகல், மெயில் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதினேன். "என் தரவை அழியுங்கள்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். சேவை மையத்துக்கு அனுப்பாமல் அவர்கள் தளத்தின் அடியில் போட்டிருந்த குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரிக்கு அனுப்பினேன். 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லியாக வேண்டும். மறுநாளே பதில் வந்தது. கூடவே ப்ளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு புகாரும் போட்டேன்.

பதினோராம் நாள் "உங்கள் தரவு நிரந்தரமாக நீக்கப்பட்டது" என்று மெயில். ஒருமுறை ஏமாந்தவள், நம்பவில்லை. புகார் அனுப்பும் முன்பே கணினியில் அவர்கள் தளத்தைத் திறந்து, தங்கச்சியின் போட்டோ மேல் வலது சொடுக்கிப் படத்தின் முகவரியை எடுத்து வைத்திருந்தேன். அதை இப்போது லாகின் இல்லாத ஒரு தனி விண்டோவில் ஒட்டினேன். பட்டுப்புடவையில் தங்கச்சி சிரித்துக்கொண்டு நின்றாள். படங்களை வேகமாகக் காட்ட ஆங்காங்கே தற்காலிக நகல் வைப்பார்கள், அது மறைய சில நாள் ஆகலாம் என்பதால் ஒரு வாரம் பொறுத்தேன். அப்போதும் திறந்தது. இந்த முகவரியை இணைத்து இரண்டாவது மெயில் போட்ட பிறகுதான், அப்படி ஒரு படம் இல்லை என்று சொல்லும் 404 வந்தது. அன்றைக்கு ஓடிபி போட்டுப் பார்த்தால் புதிய பதிவுப் படிவம் திறந்தது.

இந்த ஓடிபி சோதனையில் ஒரு எச்சரிக்கை. சில செயலிகள் 30 நாள் போல அவகாசம் வைத்து அதற்குப் பிறகே அழிக்கும். அந்த அவகாசத்துக்குள் நீங்கள் உள்ளே போனால், மனம் மாறிவிட்டதாக எடுத்துக்கொண்டு நீக்கத்தையே ரத்து செய்துவிடும். எத்தனை நாள் என்று முதலில் படித்துவிட்டு, அது கழிந்த பிறகு சோதியுங்கள்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் கட்டிய பேக்கேஜ் பணத்துக்கான ரசீதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், அது சரிதான். ஜிஎஸ்டி சட்டப்படி அந்த ஆண்டின் கணக்குத் தாக்கல் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆனால் ரசீதுக்குப் பெயர், தொகை, தேதி போதும். "சட்டம் இருக்கு மேடம்" என்று சொல்லிக்கொண்டு ஜாதகத்தையும் போட்டோவையும் வைத்திருக்க அதில் இடமில்லை. எதை, ஏன், எவ்வளவு நாள் என்று கேளுங்கள். உண்மையான காரணம் இருந்தால் ஒரு வரியில் பதில் வரும்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் கேள்விக்கு இன்னும் வலு தரும். சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் நிறுவனம் தானும் அழிக்க வேண்டும், தரவைக் கையாளக் கொடுத்த வெளி நிறுவனங்களையும் அழிக்க வைக்க வேண்டும் என்கிறது அது. எங்களுக்கு வினையாக வந்த மெயில் பட்டியலும் இதில் அடங்கும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஸ்டோர் விதியும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பும் புகாரும்தான் கையில் இருக்கும் ஆயுதங்கள்.

பணம் மாதாமாதம் தானாகப் போகும்படி ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால், கணக்கை நீக்கும் முன் அதை `Payments & subscriptions` பகுதியில் தனியாக நிறுத்துங்கள். கணக்கு போனாலும் பிடித்தம் நிற்காது.

எங்கள் கதையில் மீட்க முடியாதது ஒன்று இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் யாராவது தங்கச்சியின் போட்டோவையும் ஜாதகத்தையும் இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அதைத் திரும்பப் பெற எந்த வழியும் இல்லை. தங்கச்சி கேட்டாள், "அக்கா, யார்கிட்டல்லாம் இருக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பேக்கப்பில் உள்ளது 90 நாளில் தானாக மேலெழுதப்பட்டுவிடும் என்று கடைசி மெயிலில் எழுதியிருக்கிறார்கள். அதை வெளியிலிருந்து சோதிக்க முடியாது. ஆனால் பழைய பேக்கப்பிலிருந்து எதையாவது மீட்டெடுத்தால் அழித்த கணக்கும் திரும்பி வரலாம், அதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தத் தேதியை அம்மாவின் தினசரிக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அன்று அதே எண்ணைப் போட்டு, அதே போட்டோ முகவரியை ஒட்டி இன்னொரு முறை பார்ப்பேன்.