"யார் பண்ணது?" என்று கேட்டுப் பழகிய டீமை மறுபடி பேசவைக்க மூன்று வழிகள்

உளவியல் பாதுகாப்பு என்றால் எல்லோரும் இனிமையாகப் பேசிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவல்ல. "எனக்குப் புரியவில்லை", "நான் தப்புப் பண்ணிவிட்டேன்", "இந்த முடிவு சரியில்லை" என்று சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்று டீமில் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை அது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் டீம்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். 1999-ல் வந்த அவரது ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் இந்தச் சொல் டீம்களைப் பற்றிய பேச்சில் பரவியது.

நான் பார்த்த ஒரு மென்பொருள் டீமில் ரிலீஸ் மூன்று முறை சொதப்பியது. மூன்று முறையும் டீம் லீட் முதலில் கேட்டது "யார் பண்ணது?" நான்காம் முறை, ஒரே ரசீது இரண்டு தடவை பதிவாவதை டெஸ்டர் வியாழன் மாலையே பார்த்துவிட்டார். வாயே திறக்கவில்லை. வெள்ளி காலை வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த நிலையில் லீட் முன் மூன்று வழிகள். முதலாவது, "இனி யாரும் பயப்பட வேண்டாம்" என்று அறிவிப்பது. செலவில்லை, பலனுமில்லை. சூடுபட்டவர்கள் பேச்சை நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, பெயர் போடாமல் எழுதித்தரும் படிவம். இதில் விஷயம் வெளிவரும். ஆனால் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. ஆறு பேர் உள்ள டீமில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரோடு பேசுவது ஆபத்து என்பதையும் அது மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. காய்ச்சலை அளக்கலாம், ஆற்ற முடியாது.

மூன்றாவது, லீட் தன் பங்கைத் தானே எல்லோர் முன்னும் சொல்லி, பழைய சம்பவம் ஒன்றைத் திரும்பத் திறப்பது. என் ஓட்டு இதற்குத்தான். "வெள்ளிக்கு முடிக்கச் சொன்னது நான். டெஸ்டுக்கு அரை நாள்கூடத் தரவில்லை. அப்புறம் உங்களை எல்லோர் முன்னும் நிறுத்தியதும் நான்" என்று அந்த லீட் சொன்னார். பிறகு நேர வரிசைப்படி நடந்ததைப் போர்டில் எழுதினார்கள். கேள்வியும் மாறியது: "அந்த நேரத்தில் உங்கள் திரையில் என்ன தெரிந்தது? அது சரி என்று ஏன் பட்டது?" அங்கே பேசியது எதுவும் அப்ரைசலுக்குப் போகாது என்றும் உறுதி தந்தார். தெரிந்தே சோதனையைத் தவிர்த்தவர் விஷயம் வேறு. அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், சும்மா விடக் கூடாது.

இந்த வழியின் பலவீனம், ஒரே ஒரு நக்கல் வார்த்தையில் எல்லாம் பாழாகிவிடும். இன்னொன்று, பதிவாகும் தவறுகள் முதலில் கூடும். மேலிடத்துக்கு அதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் டீம் கெட்டுப்போனதாக நினைப்பார்கள். எண்ணிக்கையை விட, பிரச்சினையைப் பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்பதைக் கவனிப்பது நல்லது.

இரண்டு வாரம் யாரும் பேசவில்லை. மூன்றாவது வாரம் அதே டெஸ்டர், "தப்பாகக்கூட இருக்கலாம், ஒரு சந்தேகம்" என்றார். லீட் ரிலீஸை நிறுத்தினார். பார்த்தால், உண்மையிலேயே பிரச்சினை இல்லை. "இரண்டு மணி நேரம்தானே போச்சு, அடுத்த தடவையும் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் சந்தேகத்தோடு வந்தவர்கள் இரண்டு பேர்.