பத்துத் தளத்துக்கு வென்ட் பைப்பா, ஏர் வால்வா?

நாகர்கோவிலில் தரைத்தளமும் மேலே ஒன்பது மாடியும் கொண்ட குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லா மாடிக் கழிவுநீரையும் கீழே கொண்டுபோக 110 மி.மீ. செங்குத்துக் குழாய் ஒன்று, அதுதான் ஸ்டாக். அதில் காற்றழுத்தம் சீராக இருக்க, கூடவே 75 மி.மீ. வென்ட் பைப் போடலாம், அல்லது மாடிக்கு மாடி காற்றை உள்ளே மட்டும் விடும் ஏர் வால்வு வைக்கலாம். வால்வு வைத்தால் ஷாஃப்டில் இடம் மிச்சம் என்பதால் பில்டருக்கு அதுதான் பிடிக்கும்.

மேல் மாடியில் ஃபிளஷ் செய்தால் நீர் பைப்பின் சுவரை ஒட்டி விழும், நடுவில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வழியில் உள்ள பிளாட்களின் ட்ராப்பில், அதாவது நாற்றம் வராமல் நீர் தேங்கி நிற்கும் வளைவில், உறிஞ்சல் உண்டாகும். அந்தத் தேங்கிய நீர்தான் வாட்டர் சீல். 50 மி.மீ. சீலை 375 பாஸ்கல் இழுத்தால் அறைப்பக்க நீர் 38 மி.மீ. இறங்கும். இறங்கிய நீர் ஸ்டாக்குக்குள் போய்விடும். இழுவை நின்றதும் மிஞ்சியது இரு பக்கமும் சமமாகி, ஏறத்தாழ 31 மி.மீ. சீல் நிற்கும். 25 மி.மீ. இருந்தால் போதும் என்பதால் இதுவரை பயமில்லை. இழுவை அதற்கு மேல் போனால்தான் 'களக் களக்' சத்தமும் பின்னாலேயே நாற்றமும் வரும்.

இந்த உறிஞ்சலை வால்வு நன்றாகவே சமாளிக்கும். ரப்பர் டயாஃப்ரம் தூக்கிக் காற்றை விடும், பிறகு தன் எடையில் மூடிக்கொள்ளும். டைல்ஸுக்குள் புதைத்தால் அதற்குக் காற்றே கிடைக்காது. கைக்கு எட்டும் இடத்தில், செங்குத்தாக வைக்க வேண்டும்.

ஆனால் அடியில் கதை வேறு. விழும் நீர் அடி வளைவில் மோதித் தேங்கும்போது, வரும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் தரைத்தளத்துக் குளியலறைத் தரையில் உள்ள நஹானி ட்ராப்பில் குமிழியாகப் பொங்கும். வாஷிங் மெஷின் நுரை இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். வால்வு உள்ளே மட்டுமே காற்று விடுவதால், இங்கே எத்தனை வைத்தாலும் பயனில்லை. ஸ்டாக்கின் அடியில் தொடங்கி, மாடிக்கு மாடி இணைந்து, மொட்டைமாடிக்கு மேல் திறக்கும் வென்ட் பைப்தான் அந்தக் காற்றை வெளியே கொண்டுபோகும். இணைப்புகள் ஸ்டாக்கை நோக்கிச் சரிய வேண்டும், இல்லையேல் நீர் தேங்கி வென்ட் அடைபடும்.

பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டி, தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து தளத்துக்கு மேல் போனால் தரைத்தளத்தை ஸ்டாக்கில் சேர்க்காமல் தனியாகச் சேம்பருக்கு விடச் சொல்கிறது. வென்ட் பைப் போட்டாலும் இதைச் செய்யுங்கள். அடி வளைவும் ஒரே 90 டிகிரி எல்போவாக இல்லாமல் இரண்டு 45 டிகிரியாக இருக்கட்டும்.

வென்ட் பைப்புக்கும் ஒரு குறை உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று திறந்த வாயைத் தாக்கும் நாட்களில் ட்ராப் நீர் மேலும் கீழும் ஆடும். வாயைச் சுவர் மூலையிலிருந்து விலக்கி வைத்தால் குறையும்.

புதுக் கட்டடமென்றால் நான் வென்ட் பைப்தான் போடச் சொல்வேன். ஷாஃப்டை உடைக்க முடியாத பழைய கட்டடத்தில் மேல் மாடிகளுக்கு வால்வு சரி, ஆனால் ஸ்டாக்கின் உச்சி திறந்தே இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய பிளாட்டில் சீல் ஆவியாகி வற்றுவதை இரண்டுமே தடுக்காது; அங்கே யாராவது அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எது போட்டாலும் சோதிக்க வழி ஒன்றே. ட்ராப்பில் குச்சி விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். மேலே இரண்டு மாடிகளில் ஒரே நேரத்தில் ஃபிளஷ் செய்து, மறுபடி அளந்து பாருங்கள்.